சரக்கு நகராத நாள்

மார்ச் கடைசி வாரத்தில் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் நேர அட்டை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்படும். 'அனைத்துப் பணியாளர்கள் கவனத்திற்கு' என்று தொடங்கும். மார்ச் 31 மாலை 6 மணியிலிருந்து ஏப்ரல் 1 அன்று எண்ணிக்கை முடியும்வரை எந்தச் சரக்கும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறவும் கூடாது என்பது அதன் சாரம். வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள இடங்களில் இந்தியிலும் ஒரு பிரதி இருக்கும். சூப்பர்வைசர்கள் ஒவ்வொரு லைனிலும் நின்று வாயாலும் சொல்வார்கள். ஒரே ஒருவர் விஷயம் தெரியாமல் ஒரு துணி ரோலைத் தூக்கி வைத்துவிட்டால்கூட அந்தப் பகுதியின் கணக்கு கெட்டுவிடும்.

ஆண்டு முடிவில் கையில் உள்ள சரக்கின் மதிப்பு நேராக லாபத்தில் போய் உட்காருகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு ஆண்டில் வாங்கியதையும் செய்த செலவையும் கூட்டி, கடைசியில் மிஞ்சிய சரக்கைக் கழித்தால், விற்றவற்றின் அடக்கம் வரும். மிஞ்சிய சரக்கை ஒரு லட்ச ரூபாய் கூடுதலாக எழுதினால் லாபமும் ஒரு லட்சம் கூடுதலாகத் தெரியும். குறைத்து எழுதினால் அதே அளவு குறையும். வருமான வரி அந்த லாபத்தின் மேல்தான். சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கியிருந்தால், மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் இதனோடு ஒத்துப்போக வேண்டும். சிறு தனியார் நிறுவனங்கள் நீங்கலாக மற்றக் கம்பெனிகளில், எந்த வகைச் சரக்கிலாவது கணக்குக்கும் நேரில் எண்ணியதற்கும் 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்ததா, வந்திருந்தால் அது கணக்கில் சரிசெய்யப்பட்டதா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். 2020இல் வந்த தணிக்கை அறிக்கை ஆணை அப்படிச் சொல்கிறது.

நூலையும் துணியையும் எண்ணுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சரக்கும் அதற்கான தாளும் ஒரே நொடியில் நிற்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். சரக்கு ஒரு வண்டியில் வருகிறது, அதற்கான பில் வேறொரு மேசையில் பதிவாகிறது. இரண்டுக்கும் நடுவே சாதாரண நாளில் சில மணி நேரமோ ஒரு நாளோ இடைவெளி இருக்கும், யாருக்கும் அதனால் நஷ்டம் இல்லை. ஆண்டின் கடைசி மாலையில் மட்டும் அந்த இடைவெளி பணமாக மாறிவிடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மார்ச் 31 மாலை 5.40க்கு ஒரு லாரி 40 மூட்டை நூலோடு வருகிறது. மூட்டைக்கு 60 கிலோ என்றால் மொத்தம் 2,400 கிலோ. ஸ்டோரில் அவசர அவசரமாக இறக்கி அடுக்கிவிட்டார்கள். இன்வார்டு எழுதுபவர் அதற்குள் புறப்பட்டுவிட்டதால், சரக்கு வரவுச் சீட்டு ஏப்ரல் 2ஆம் தேதிதான் போடப்படுகிறது. பில்லும் அந்தத் தேதியிலேயே கொள்முதலில் ஏறுகிறது. இடையில் ஏப்ரல் 1 அன்று எண்ண வந்தவர்கள் அந்த 40 மூட்டையையும் எண்ணிவிட்டார்கள். கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 6 லட்ச ரூபாய் சரக்கு இருப்பில் இருக்கிறது, அதை வாங்கிய செலவு அந்த ஆண்டில் இல்லை. லாபம் 6 லட்சம் வீங்கிவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் தப்பாக எண்ணவும் இல்லை.

இதன் மறுபக்கம் பேக்கிங் பிரிவில் நடக்கும். மார்ச் விற்பனையில் சேர வேண்டும் என்று 31ஆம் தேதியே பில் போட்டுவிடுவார்கள். வண்டி கிடைக்காமல் பெட்டிகள் கோடவுனிலேயே கிடக்கும். மறுநாள் அவற்றையும் எண்ணினால் ஒரே பனியன் விற்றதாகவும் இருக்கும், விற்காமல் மிஞ்சியதாகவும் இருக்கும். இதில் முதலில் தீர்க்க வேண்டியது, அது உண்மையிலேயே விற்பனைதானா என்பது. வாங்குபவரிடம் உரிமை போய்ச் சேரவில்லை என்றால் அந்த பில் மார்ச் விற்பனையே ஆகாது. பெட்டிகள் இருப்பில்தான் வரும். உரிமை மாறிவிட்டது, வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் இங்கே கிடக்கிறது என்றால் பெட்டிகளைத் தனியே கயிறு கட்டி ஒதுக்கி, எண்ணக் கூடாது என்று அட்டை மாட்டிவிட வேண்டும். ஏற்றுமதியில் உரிமை எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்பது ஆர்டரின் நிபந்தனையைப் பொறுத்தது என்பதால், இந்த முடிவை ஸ்டோர்காரரிடம் விடாமல் கணக்குப் பிரிவு எடுப்பதே நல்லது.

இந்த இரண்டு தப்பையும் தடுக்கச் சுற்றறிக்கையில் வரும் வரி பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். 6 மணிக்குக் கடைசி வரவுச் சீட்டு, கடைசி டெலிவரி சலான், கடைசி பில், கடைசி கேட் பாஸ் ஆகியவற்றின் எண்களைக் குறித்து, அந்தந்தப் புத்தகத்தில் கோடு கிழித்து, பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும் என்று அது சொல்லும். வரவுச் சீட்டு 1847இல் நின்றால், 1847வரை உள்ள சரக்கெல்லாம் எண்ணிக்கையிலும் கொள்முதலிலும் இருந்தாக வேண்டும். 1848 இரண்டிலுமே இருக்கக் கூடாது. தணிக்கையாளர் வந்ததும் முதலில் கேட்பது இந்த எண்களைத்தான். கோட்டுக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தாலே நடந்தது தெரிந்துவிடும். 5.40க்கு வந்த லாரிக்கு இரண்டே வழி. ஒன்று, 6 மணிக்குள் எடை பார்த்துச் சீட்டும் போட்டு முடிப்பது. இல்லையென்றால் தார்ப்பாய் மூடியபடி வாசலுக்கு வெளியே நிறுத்திவைப்பது. இறக்கிவிட்டுச் சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற மூன்றாவது வழிதான் எல்லாருக்கும் பிடித்தது, அதனால்தான் சுற்றறிக்கை அதைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நூல் மில்லுக்கும் ஆக்சசரி கடைகளுக்கும் போன் போட்டு, 31 மதியத்துக்கு மேல் வண்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடும் கம்பெனிகளில் இந்தத் தகராறே வருவதில்லை.

வாசலை அடைப்பது எளிது. உள்ளே நடக்கும் நடமாட்டத்தை நிறுத்துவதுதான் கடினம். கம்பெனிக்குள்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. ஏப்ரல் 1 காலை பத்து மணிக்கு முதல் ரேக்கை எண்ணி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தரைக்குக் கட்டிங் மாஸ்டர் அதிலிருந்து நான்கு ரோலை எடுத்துத் தன் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். பதினொன்றரைக்குக் கட்டிங் பிரிவை எண்ண வருபவர்கள் அந்த நான்கையும் மறுபடி எழுதுவார்கள். எதிர்த்திசையில் நடந்தால் அந்த ரோல்கள் எந்தத் தாளிலும் ஏறாமல் போகும். இப்படி வரும் வித்தியாசத்தைப் பிறகு கண்டுபிடிப்பது மிகவும் சிரமம். வாசல் வழியாக எதுவும் போகவில்லை என்பதால் எந்தச் சலானும் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆகவே முடக்கம் என்பது ஒவ்வொரு பொருளும் 6 மணிக்கு எங்கே இருந்ததோ அங்கேயே இருப்பது. தையல் லைனில் பாதி தைத்த பண்டில் அந்த மெஷினிலேயே, அதன் பண்டில் சீட்டோடு கிடக்கும். கை இணைத்தது, கழுத்துப் பட்டி வைக்காதது, செக்கிங் முடிந்தது என்று எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தின் பெயரில் அது எழுதப்படும், ஏனென்றால் அடக்கம் கட்டத்துக்குக் கட்டம் கூடுகிறது. பழுதான பீஸ்களையும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளையும் கண்ணுக்கு மறைவாக ஒதுக்கக் கூடாது. அவையும் சரக்குதான், விற்றால் கிடைக்கும் விலை அடக்கத்தைவிடக் குறைவு என்பதால் அந்த விலைக்குத் தனித் தாளில் வரும். எண்ணும் நாளுக்கு முதல் வாரத்திலேயே இவற்றைப் பிரித்து அடுக்கிவைப்பது வழக்கம். நல்ல ரோலுக்குள் ஷேடு மாறிய ரோல் கலந்து கிடந்தால் எண்ணிக்கை சரியாக வரும், மதிப்பு தப்பாகப் போகும்.

எல்லாவற்றையும் நிறுத்த முடியாது என்பதும் சுற்றறிக்கை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொந்தச் சாயப்பட்டறை வைத்திருக்கும் கம்பெனியில், மெஷினுக்குள் சாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் துணியை 6 மணி ஆனதும் நிறுத்த முடியாது. பாதியில் நிறுத்தினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து லாட் முழுவதும் வீணாகும். அந்த லாட் ஓடட்டும். உள்ளே போட்டபோது பேட்ச் அட்டையில் எழுதிய எடையையே எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு, வெளியே வரும் துணியை ஈரத்தோடு தனி டிராலியில் வைத்து, ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது என்று அட்டை மாட்டினால் போதும். ஜெனரேட்டர் டீசலும் இப்படித்தான். 6 மணிக்கு டேங்கில் அளவுகோல் விட்டு அளந்து குறித்துவிட்டால், இரவு மின்தடை வந்து ஜெனரேட்டர் ஓடினாலும் கவலை இல்லை. கேன்டீன் காய்கறி, குடிநீர் கேன், அலுவலகக் கூரியர் ஆகியவை இந்தத் தடையில் வருவதே இல்லை. இதையும் சுற்றறிக்கையில் ஒரு வரியாவது எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் வாசல் காவலர் பால்காரரையும் திருப்பி அனுப்புவார்.

உண்மையான இடைஞ்சல் ஏற்றுமதி வண்டியில்தான் வருகிறது. தூத்துக்குடியில் கப்பல் ஏற்ற வேண்டிய கன்டெய்னருக்குத் துறைமுகம் வைத்திருக்கும் கடைசி நேரம் ஏப்ரல் 1 மாலை என்றால், கணக்கெடுப்புக்காக அதை விட்டுவிட முடியாது. அதற்கென்று விதிவிலக்கு உண்டு, ஆனால் அது எழுத்தில்தான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டிகளை 6 மணிக்கு முன்பே முழுவதும் எண்ணி, பெட்டி எண்களைப் பட்டியலிட்டு, மற்றச் சரக்கோடு கலக்காத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். முடக்க நேரத்தில் வெளியேறும்போது வழக்கமான கேட் பாஸ் புத்தகத்தைத் தொடாமல், வேறு நிறத் தாளில் வேறு வரிசை எண்ணில் பாஸ் எழுதுவார்கள். எண்ணிக்கைப் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் காவலர் கேட்டைத் திறக்கக் கூடாது. வண்டி போனது ஏப்ரலில் என்பதால், 31ஆம் தேதி இருப்பில் அந்தப் பெட்டிகள் இருக்கும், விற்பனை அடுத்த ஆண்டுக்குப் போகும். இந்த விதிவிலக்கு ஒன்றிரண்டைத் தாண்டினால், முடக்கம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை, தேதியையே மாற்றிவிடலாம். வேறொரு ஞாயிற்றுக்கிழமையில் எண்ணி, நடுவில் வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்து 31ஆம் தேதி இருப்புக்கு வருவது ஏற்கப்பட்ட முறைதான். அதற்கு இடைப்பட்ட நாள்களின் சலான்கள் ஒன்றுவிடாமல் சரியாக இருக்க வேண்டும்.

திருப்பூருக்கே உரிய தலைவலி, கம்பெனிக்கு வெளியே கிடக்கும் சரக்கு. நூல் ஒருவரிடம் நெய்யப் போகும், துணி இன்னொருவரிடம் சாயமேறப் போகும், பிரின்டிங் ஓரிடம், எம்பிராய்டரி ஓரிடம். எந்த நாளில் பார்த்தாலும் சொந்தச் சரக்கில் ஒரு பெரும் பங்கு மற்றவர் கூரையின் கீழ் இருக்கும். ஆகவே சுற்றறிக்கையின் ஒரு பிரதி ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கும் போகிறது. அதே மாலை 6 மணிக்கு எங்கள் சரக்கு உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று லாட் வாரியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி அதில் கேட்கப்படும். 6 மணிக்கு வழியில் இருக்கும் வேன் இரு தரப்புக் கணக்கிலும் விட்டுப்போகும் என்பதால், அன்று மதியத்துக்கு மேல் சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் இடையே வேன் ஓடக்கூடாது என்றும் சொல்லிவிடுவார்கள்.

சாயப்பட்டறையில் மிச்சம் எவ்வளவு என்பதைக் கழித்தல் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். 500 கிலோ சாயமேறாத துணி போயிருக்கிறது, 282 கிலோ சாயத் துணி திரும்பியிருக்கிறது. ஆக மிச்சம் 218 என்று எழுதிவிடுவார்கள். சாயமேறும்போது எடை குறைகிறது. 6 சதவீதக் கழிவு என்று பேசியிருந்தால், திரும்பி வந்த 282 கிலோ உண்மையில் 300 கிலோ பச்சைத் துணிக்குச் சமம். பட்டறையில் இருப்பது 200 கிலோதான். மீதி 18 கிலோ எங்கேயும் இல்லாத துணி; அது இருப்பில் ஏறினால் அடுத்த ஆண்டு முழுவதும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பழைய சலான்களும் தலைகாட்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவில்லை என்றால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆணையர் தகுந்த காரணத்தின் பேரில் நீட்டிப்புத் தந்தால் ஒழிய, வரியும் வட்டியும் அந்த நாளிலிருந்து கணக்காகும்.

வெளியார் கொடுக்கும் கடிதத்தை மட்டும் நம்புவதில் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1938இல் வெளியான மெக்கெஸன் அண்டு ராபின்ஸ் மோசடியில், கனடாவில் கிடங்குகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட மருந்துச் சரக்கு எங்கேயுமே இல்லை; தாள்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. தணிக்கையாளர் நேரில் போய் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. இந்தியாவில் தணிக்கைத் தரம் 501 அதையே சொல்கிறது: இருப்பின் மதிப்பு பெரியது என்றால், போக முடியாத நிலை இருந்தாலொழிய, தணிக்கையாளர் எண்ணும் இடத்தில் இருக்க வேண்டும். வெளியிடத்தில் பெரிய தொகைக்குச் சரக்கு இருந்தால் கடிதத்தோடு நிற்காமல் அங்கேயும் ஆள் போவது நல்லது. தலைகீழான கேள்வியும் உண்டு. கம்பெனிக்குள் கிடப்பதெல்லாம் கம்பெனியுடையது இல்லை. வாங்குபவர் அனுப்பிவைத்த லேபிள், மற்றவருக்காகத் தைத்துக் கொடுக்க வந்த துணி ஆகியவற்றை எண்ணலாம், ஆனால் சொந்த இருப்பில் சேர்க்கக் கூடாது.

எண்ணும் நாளில் இருவர் இருவராகப் போவார்கள். ஒருவர் அந்தப் பிரிவை அறிந்தவர், மற்றவர் அந்தப் பிரிவோடு தொடர்பில்லாதவர். ஸ்டோர் கீப்பர் பொருளைக் காட்டலாம், தன் சரக்கைத் தானே எண்ணக் கூடாது. கையில் கொடுக்கும் தாளில் பொருளின் பெயரும் இடமும் இருக்கும், கணக்குப்படி எவ்வளவு என்ற எண் இருக்காது. அந்த எண் கண்ணில் பட்டால், 38 மூட்டையைக்கூட 40 என்று எழுதக் கை போகும். எண்ணிய ஒவ்வொரு அடுக்கிலும் வரிசை எண் அச்சிட்ட அட்டை மாட்டப்படும். அதன் கிழித்தெடுக்கும் பாதி அலுவலகத்துக்குப் போகும். 600 அட்டை கொடுத்திருந்தால், மாட்டியது 573, கெட்டுப்போனது 9, மிஞ்சியது 18 என்று 600க்கும் கணக்கு சொல்லியாக வேண்டும். ஓர் அட்டை காணவில்லை என்றால் ஓர் அடுக்குச் சரக்கே கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம். மற்றொரு ஜோடி மறுபடி எண்ணி இரண்டும் ஒத்துவராத இடத்தில் மூன்றாம் முறை எண்ணுவார்கள்.

நூலை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீல் உடைக்காத மூட்டையை லேபிள் எடைக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே கவனிக்க வேண்டியது 50 கிலோ மூட்டையும் 60 கிலோ மூட்டையும் ஒரே அடுக்கில் கலந்திருக்கிறதா என்பது. பிரித்த மூட்டையைத் தராசில் வைத்துத்தான் ஆக வேண்டும். அதில் நூல் சுற்றிய காகிதக் கோனின் எடையைக் கழிக்க வேண்டும். போதாததற்குப் பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். நன்கு உலர்ந்த 100 கிலோ பருத்தியில் 8.5 கிலோ ஈரம் இருப்பதை வணிகத்தில் இயல்பான அளவாகக் கொள்கிறார்கள். பங்குனி வெயிலில் பிரித்துப் போட்ட நூல் அதைவிடக் காய்ந்து, எடை இறங்கியிருக்கும். ஒன்றிரண்டு சதவீதம் குறைவதைப் பார்த்துவிட்டுத் திருட்டு என்று ஸ்டோர்காரர்மேல் பாய்வதற்கு முன், அது பிரித்த மூட்டையில் மட்டும் குறைகிறதா, சீல் போட்டதிலுமா என்று பார்ப்பது விவேகம். சீல் மூட்டைகள் எண்ணிக்கையில் குறைந்தால் அது வேறு கதை.

எண்ணிக்கை முடிந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. அட்டைகளின் பாதிகள் அனைத்தும் வந்து சேர்ந்து, மறு எண்ணிக்கை முடிந்து, தணிக்கையாளர் தமக்கு வேண்டிய அடுக்குகளைத் தாமே எண்ணிப் பார்த்த பிறகு, பொறுப்பாளர் பிரிவு பிரிவாகக் கையெழுத்திட்டு விடுவிப்பார். தணிக்கையாளர் சில பொருள்களைத் தாளிலிருந்து தரைக்கும், சிலவற்றைத் தரையிலிருந்து தாளுக்கும் பார்ப்பார்: முதலாவது இல்லாத சரக்கை எழுதியதைக் காட்டும், இரண்டாவது இருக்கும் சரக்கை விட்டதைக் காட்டும். விடுவிக்கும்வரை அட்டைகளைக் கழற்றக் கூடாது.

வித்தியாசம் வந்த பொருள்களைக் கணினியில் உடனே மாற்றிவிடக் கூடாது. டேலியில் `Physical Stock` என்ற வவுச்சரில் எண்ணிய அளவைப் போட்டதும் இருப்பு அந்த எண்ணுக்கு மாறிவிடும், காரணம் அங்கேயே புதைந்துவிடும். முதலில் அந்தப் பொருளின் கடைசி சில சலான்களையும் அளவு அலகையும் பார்க்க வேண்டும். கிலோவில் வந்ததை ரோல் கணக்கில் எழுதியிருப்பார்கள், அல்லது ஒரு லாட்டில் குறைந்தது பக்கத்து லாட்டில் கூடுதலாக இருக்கும். தேடியும் கிடைக்காமல் தொலைந்தது என்றே முடிவானால், அந்தச் சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு அந்த வரவு கிடையாது என்று சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. இந்தத் தேடல் ஏப்ரல் முதல் வாரம் முழுவதும் நடக்கும். அதற்குள் வாசலில் காத்திருந்த லாரியின் 40 மூட்டையும் இறங்கி, வரவுச் சீட்டு 1848 போடப்பட்டு, நெய்யப் போகவும் தொடங்கியிருக்கும்.